பத்து முட்டையா, நாற்பது மஞ்சள்கருவா?

இத்தாலியின் போலோன்யா நகரத்தில் பாஸ்தா மாவு பிசைகிறவர்களிடம் கணக்குக் கேட்டால், நூறு கிராம் மாவுக்கு ஒரு முட்டை என்பார்கள். அதாவது ஒரு கிலோவுக்குப் பத்து. அங்கிருந்து மேற்கே பியெமோந்தே மாநிலத்துக்குப் போய், ஆல்பா ஊர்ப்பக்கம் அதே கேள்வியைக் கேட்டால் கணக்கே மாறிவிடும். ஒரு கிலோ மாவுக்கு முப்பது மஞ்சள்கரு, தாராளக் கைக்காரர்கள் நாற்பது என்பார்கள். வெள்ளைக்கருவைத் தனியே எடுத்து வைத்துவிடுவார்கள்.

இரண்டு ஊரிலும் மாவு கோதுமை மாவுதான். முட்டையைத் தவிர வேறெதுவும் பெரிதாகச் சேர்வதில்லை. மாவில் உப்புகூடப் பலர் போடுவதில்லை. ஆனாலும் தட்டுக்கு வரும்போது இரண்டும் வேறு வேறு பண்டம். போலோன்யாவின் தாலியதெல்லே அகலமான நாடா. கடித்தால் பல்லுக்குக் கொஞ்சம் எதிர்த்து நின்று, பிறகே இடம் கொடுக்கும். ஆல்பாவின் தயாரின் இரண்டு மூன்று மில்லிமீட்டர் அகலமே உள்ள மெல்லிய இழை. பல் பட்டவுடன் துண்டாகிவிடும், இழுவையே இருக்காது. நாக்கில் வழவழப்பாக ஓடும்.

முட்டை அதிகம் போட்டால் சுவை கூடும் என்று சொல்லி இதைக் கடந்துபோகலாம். அது அரைகுறைப் பதில். முட்டை ஒரே பொருளல்ல. ஓட்டுக்குள் இரண்டு பொருள்கள் இருக்கின்றன. மாவுக்குள் போனதும் இரண்டும் கிட்டத்தட்ட எதிரெதிரான வேலையைச் செய்கின்றன. அதைப் புரிந்துகொள்ள ஒரு சின்னக் கணக்குப் போட வேண்டும்.

ஓடு நீங்கலாக ஐம்பது கிராம் எடையுள்ள முட்டை என்று வைத்துக்கொள்வோம். அதில் ஏறத்தாழ 33 கிராம் வெள்ளைக்கரு, 17 கிராம் மஞ்சள்கரு. வெள்ளைக்கருவில் நூற்றுக்கு 88 பங்கு தண்ணீர். மீதியில் பெரும்பகுதி புரதம். கொழுப்பு இல்லவே இல்லை என்று சொல்லலாம். மஞ்சள்கருவில் தண்ணீர் பாதிதான். மற்ற பாதியில் கொழுப்பு பெரும்பங்கு, அடுத்தது புரதம். ஆக ஒரு முழு முட்டை மாவுக்குக் கொடுக்கும் தண்ணீர் 37 அல்லது 38 கிராம். நான்கு மஞ்சள்கரு கொடுப்பது 34 கிராம். போலோன்யாவின் ஒரு முட்டையும் ஆல்பாவின் நான்கு மஞ்சள்கருவும் நூறு கிராம் மாவை ஏறக்குறைய ஒரே அளவில்தான் நனைக்கின்றன. கொழுப்பு மட்டும் நான்கு மடங்கு. முட்டையின் கொழுப்பு முழுக்க மஞ்சள்கருவிலேயே இருப்பதால் இதற்குத் தராசுகூட வேண்டாம், மஞ்சள்கருவை எண்ணினாலே போதும்.

தண்ணீர் சமம் என்றால் பதம் மாறுவதற்குத் தண்ணீர் காரணமல்ல. வெள்ளைக்கரு இருக்கிறதா இல்லையா, கொழுப்பு எவ்வளவு, இந்த இரண்டும்தான் காரணம்.

முதலில் வெள்ளைக்கரு. கோதுமை மாவில் உள்ள இரண்டு வகைப் புரதங்கள் தண்ணீர் பட்டுப் பிசையப்படும்போது ஒன்றோடொன்று பிணைந்து குளூட்டன் என்னும் வலையாகின்றன. மாவுக்கு இழுவை தருவது அந்த வலை. வெள்ளைக்கரு தன்னிடமுள்ள தண்ணீரைத் தாராளமாக விட்டுக்கொடுக்கும். வலை பின்னுவதற்கு எந்தத் தடையும் செய்யாது. அதன் உண்மையான வேலை கொதிநீரில்தான் தெரியும். வெள்ளைக்கருவின் புரதங்கள் 60 டிகிரியைத் தாண்டியதும் இறுகத் தொடங்கி, 80 டிகிரி வாக்கில் கெட்டிப்படும். குளூட்டன் வலைக்குள் இன்னொரு வலை உட்கார்ந்துகொள்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். வேகும் மாவின் ஸ்டார்ச் தண்ணீரில் கரைந்து போகாமல் அது பிடித்து வைக்கும். கடிக்கும்போது பல்லை எதிர்ப்பதும் அதுதான்.

மஞ்சள்கருவின் கொழுப்பு எண்ணெய்போல மிதக்கிற கொழுப்பு அல்ல. புரதத்தோடும் லெசித்தினோடும் சேர்ந்து, கண்ணுக்குத் தெரியாத நுண்துகள்களாகத் தண்ணீரிலேயே பரவி நிற்கிறது. அதனால் மாவின் இண்டு இடுக்குகளில் எல்லாம் எளிதில் புகுந்து, குளூட்டன் இழைகள் நீளமாகப் பின்னிக்கொள்ளாதபடி குறுக்கே நிற்கும். மஞ்சள்கருவிலும் புரதம் உண்டு. நூறு கிராமுக்கு வெள்ளைக்கருவைவிட அதிகமாகவே உண்டு. ஆனால் அது இறுகும் விதம் வேறு. அவித்த முட்டையை இரண்டாக அறுத்துப் பார்த்தால் போதும். வெள்ளை துள்ளும், வளையும். மஞ்சள் விரல் பட்டதும் பொலபொலவென்று உதிரும். பாஸ்தாவுக்குள்ளும் அதேதான் நடக்கிறது. மஞ்சள்கரு மட்டும் போட்ட இழை இறுகி நிற்கும், ஆனால் இழுபடாது. கடித்த இடத்தில் சுத்தமாக வெட்டுப்படும்.

இதை நம் சமையலறையில் சோதித்துப் பார்ப்பது எளிது. மூன்று கிண்ணங்களில் தலா நூறு கிராம் மைதா எடுத்துக்கொள்ள வேண்டும். ஒன்றில் 42 கிராம் வெள்ளைக்கரு மட்டும், இன்னொன்றில் 50 கிராம் முழு முட்டை அடித்தது, மூன்றாவதில் நான்கு மஞ்சள்கரு. தண்ணீரின் அளவு மூன்றிலும் கிட்டத்தட்ட ஒன்றே.

வெள்ளைக்கரு மாவு முதலில் கையெல்லாம் ஒட்டும், பிறகு சட்டென்று கெட்டியாகி ரப்பராகும். உருட்டித் தேய்த்தால் உள்ளே சுருங்கிக்கொண்டு ஓடும். முழு முட்டை மாவு ஐந்தாறு நிமிடப் பிசைதலில் சொரசொரப்பு போய்ப் பளிங்காக வரும். மஞ்சள்கரு மாவுதான் பயமுறுத்தும். பத்து நிமிடம் ஆனாலும் பொடிப்பொடியாக உதிரும், ஓரம் வெடிக்கும், உள்ளங்கை வலிக்கும். தண்ணீர் போதவில்லை என்று தோன்றும். இந்த இடத்தில்தான் பெரும்பாலோர் தண்ணீர் தெளித்து மாவைக் கெடுத்துக்கொள்கிறார்கள். மஞ்சள்கரு தன் தண்ணீரை மெதுவாகத்தான் விடும். உதிரியாக இருப்பதை அப்படியே அழுத்தி ஒன்றுசேர்த்து, பிளாஸ்டிக் தாளில் காற்றுப் புகாமல் சுற்றி ஒரு மணி நேரம் வைத்துவிட்டு வந்து பார்த்தால், அதே மாவு மெழுகுபோல் வழுவழுவென்று அமைந்திருக்கும். அதன் பிறகும் உதிர்ந்தால் மட்டும் விரலை ஈரமாக்கிக்கொண்டு இன்னொரு முறை பிசையலாம்.

மூன்றையும் ஒரே தடிமனில் தேய்த்து, ஒரே அகலத்தில் வெட்டி, ஒரே பாத்திரத்தில் ஒன்றன்பின் ஒன்றாக வேகவைத்துச் சாஸ் எதுவும் இல்லாமல் கடித்துப் பார்க்க வேண்டும். வெள்ளைக்கரு நாடா பல்லுக்கடியில் வழுக்கி வழுக்கி ஓடும். மென்றுகொண்டே இருக்க வேண்டும், சுவையும் மந்தம். முழு முட்டை நாடா முதலில் எதிர்த்து, பிறகு விட்டுக்கொடுக்கும். மஞ்சள்கரு நாடா கடித்தவுடன் அறுபட்டு, வாயில் நெய் தடவிய மாதிரி பரவும். இந்த மூன்றாவதைச் சற்றே தடிமனாக வெட்டியிருந்தால் ஒரு குறையும் தெரியும்: எதிர்ப்பு இல்லாத கெட்டியான பண்டம் வாயில் மாவுமாவாக அடைத்துக்கொள்ளும். தயாரின் ஏன் அவ்வளவு மெல்லியதாக வெட்டப்படுகிறது என்பதற்கு நான் காணும் விளக்கம் இதுதான். அந்த மாவுக்கு மெலிவுதான் பொருத்தம்.

போலோன்யாவில் அகலம் என்பது விளையாட்டுக் காரியம் அல்ல. 1972 ஏப்ரல் 16 அன்று இத்தாலிய சமையல் அகாதமி அந்த நகரின் வர்த்தக சபையில் தாலியதெல்லேயின் அளவை முறைப்படி பதிவு செய்தது. வெந்து தட்டுக்கு வந்தபின் அகலம் 8 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். அது நகரின் அசினெல்லி கோபுர உயரத்தில் 12,270-இல் ஒரு பங்கு என்று கணக்கும் எழுதி வைத்தார்கள். கொஞ்சம் குறும்பும் கலந்த ஊர்ப்பெருமைதான். ஆனாலும் அந்த அகலத்தில் பொருள் இருக்கிறது. மணிக்கணக்கில் வெந்த ராகு என்னும் இறைச்சிக் குழம்பைச் சுமக்க அகலமான, இழுத்தாலும் அறுபடாத நாடாதான் வேண்டும். முழு முட்டை மாவு அதற்குத் தோதானது. தயாரினோ வெண்ணெயிலும் சேஜ் இலையிலும் புரட்டப்படும். பருவத்தில் மேலே ஆல்பாவின் வெள்ளை டிரஃபிள் காளானைச் சீவிப் போடுவார்கள். கொழுப்பு நிறைந்த மாவுக்கு அதற்கு மேல் கனமான குழம்பு ஒத்துவராது.

போலோன்யாவின் பழைய முறையில் மாவை இயந்திரத்தில் விடுவதில்லை. நம் பூரிக்கட்டையைப் போல் சின்னது அல்ல, ஒரு மீட்டர் வரை நீளும் மரக்கட்டை. அதை வைத்து அகலமான மரப்பலகையின் மேல் ஒரே பெரிய வட்டமாகத் தேய்த்துக்கொண்டே போவார்கள். இப்படித் தேய்ப்பதையே தொழிலாகக் கொண்ட பெண்களுக்கு அங்கே ஸ்ஃபோல்யீனா என்று பெயர். மாவை அழுத்தி நசுக்குவதில்லை. கட்டையில் சுருட்டி, கைகளை நடுவிலிருந்து வெளிப்பக்கம் ஓட்டி இழுத்து விரிப்பார்கள். இழுத்து விரிக்க வேண்டுமென்றால் மாவில் இழுவை இருந்தாக வேண்டும். வெள்ளைக்கரு இல்லாத மாவை அப்படி இழுத்தால் ஓரம் கிழியும். இன்னொரு லாபமும் உண்டு: மரத்தின் சொரசொரப்பு மாவில் பதிந்து, குழம்பு வழுக்காமல் ஒட்டிக்கொள்ளும். இரும்பு உருளைகளுக்கு நடுவே போய் வந்த தகடு கண்ணாடிபோல் வழவழப்பாக இருக்கும், குழம்பு அதில் அவ்வளவாக நிற்பதில்லை.

தேய்க்கும்போது மாவு மீண்டும் மீண்டும் சுருங்கினால் அது ஓய்வு கேட்கிறது என்று அர்த்தம். மல்லுக்கட்டினால் சுருக்கம் கூடுமே தவிரக் குறையாது. மூடி வைத்து அரை மணி நேரம் விட்டால் குளூட்டன் தளர்ந்துகொடுக்கும். விரலால் அழுத்தினால் பள்ளம் சட்டென்று எழாமல் மெதுவாக எழுந்தால் தேய்க்கத் தயார். நம் மைதாவில் பரோட்டா வீசும் அளவுக்கு இழுவை இருப்பதால், முழு முட்டை மாவுக்கு ஓய்வை முக்கால் மணி நேரமாக நீட்டுவது நல்லது.

தேய்த்த தகட்டை உடனே வெட்டக் கூடாது, ரொம்ப நேரம் காயவும் விடக் கூடாது. தடவினால் ஈரம் தெரியாமல், மடித்தால் விரிசல் விடாமல் இருக்கிற பதத்தில் மடித்து வெட்ட வேண்டும். ஈரமாக வெட்டினால் இழைகள் ஒட்டி ஒரே கட்டியாகும். காய்ந்துபோனால் மடிப்பில் உடையும். போலோன்யாவில் தகட்டைத் துணி மேல் விரித்துச் சிறிது நேரம் விட்டாலே அந்தப் பதம் வந்துவிடும். நம் கடலோர ஊர்களின் புழுக்கத்தில் அது லேசில் வராது. மின்விசிறிக்குக் கீழே வைத்து, அடிக்கடி திருப்பிப் போட வேண்டியிருக்கும். இன்னொன்று, இது பச்சை முட்டை. வெட்டிய இழைகளைக் கொடியில் போட்டு இரவு முழுக்கக் காயவைக்கும் வேலை நம் வெயிலுக்கு ஆகாது. அன்றே வேகவைக்கலாம், இல்லையென்றால் ரவை தூவி உறைபெட்டியில் வைக்கலாம். குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்தால் மறுநாளே சாம்பல் நிறப் புள்ளிகள் வரும். மாவில் உள்ள நொதி காற்றோடு சேர்ந்து செய்யும் வேலை அது. கெட்டுப்போனதற்கு அடையாளம் அல்ல என்றாலும் பார்க்க நன்றாயிருக்காது.

வேகும் நேரம் மிகக் குறைவு. லிட்டருக்கு பத்து கிராம் உப்புப் போட்டுத் தளதளவென்று கொதிக்கும் நிறையத் தண்ணீரில் தயாரினுக்கு ஒரு நிமிடம், அதிகம் போனால் இரண்டு. தாலியதெல்லேவுக்கு இரண்டு மூன்று நிமிடம். வெந்ததா என்று அறிய ஓர் இழையைக் கடித்து, கடிபட்ட முனையைப் பார்க்க வேண்டும். நடுவில் வெள்ளையாக ஒரு கோடு தெரிந்தால் பச்சை மாவு இன்னும் இருக்கிறது. கடையில் வாங்கும் உலர்ந்த பாஸ்தாவை நடுவில் லேசான கெட்டியோடு எடுப்பது வழக்கம். அந்தப் பழக்கத்தைப் பச்சைப் பாஸ்தாவுக்குக் கொண்டுவரக் கூடாது. உலர்ந்த பாஸ்தாவின் உறுதி துரும் என்னும் கெட்டிக் கோதுமையிலிருந்து வருவது. இத்தாலியச் சட்டப்படி முட்டைப் பாஸ்தா என்று விற்கப்படும் உலர்ந்த வகையில் ஒரு கிலோ துரும் ரவைக்கு நான்கு முட்டை, அதாவது 200 கிராம், இருந்தாலே போதும். போலோன்யா வீட்டுக் கணக்கில் அது பாதிகூட இல்லை. பாக்கெட்டில் முட்டைப் படம் பெரிதாக இருந்தாலும் அதன் கடியில் கோதுமையின் பங்குதான் பெரிது.

சீனத்தின் தெற்கே, கேன்டன், ஹாங்காங் பக்கத்து வான்டான் நூடுல்ஸ் வேறு வழியில் போகிறது. அங்கே பழைய முறைக்காரர்கள் மாவில் வாத்து முட்டையை முழுதாக உடைத்துப் போடுவார்கள். பிறகு மாவின் மேல் தடித்த மூங்கிலைக் குறுக்கே வைத்து, ஒரு முனையைச் சுவரோடு பிணைத்து, மறுமுனையில் ஆள் உட்கார்ந்து குதித்துக் குதித்து அழுத்துவார். தண்ணீர் மிகக் குறைவான மாவைக் கையால் பிசைய முடியாது என்பதால் இந்த ஏற்பாடு. கூடவே காரநீர் என்னும் கார உப்புக் கரைசலும் சேரும். காரம் குளூட்டனை இறுக்கும். வெள்ளைக்கருவின் இறுக்கத்தோடு அதுவும் கூடும்போது, நூல்போல் மெலிந்த இழையிலும் நறுக்கென்று ஒரு கடி கிடைக்கும். காரத்தின் வாடை போக, அரை நிமிடத்துக்கும் குறைவாக வேகவைத்துக் குளிர்ந்த நீரில் அலசி, மறுபடி வெந்நீரில் முக்கி எடுப்பார்கள். ஆல்பாவில் மென்மைக்காக வெள்ளைக்கருவை விலக்குகிறார்கள் என்றால், கேன்டனில் உறுதிக்காக அதை வைத்துக்கொண்டு மேலும் இறுக்குகிறார்கள்.

கார உப்பு கோதுமை மாவில் உள்ள நிறமிகளை மஞ்சளாக்கவும் செய்யும். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் தமிழ் முஸ்லிம்களின் கடைகளில் மீ கோரெங் சாப்பிட்டவர்கள் அதில் வரும் கெட்டி மஞ்சள் நூடுல்ஸை முட்டை நூடுல்ஸ் என்று நினைத்திருக்கலாம். பெரும்பாலும் அந்த மஞ்சள் காரத்தாலும் சாயத்தாலும் வந்தது. முட்டையின் நிறத்தை வைத்தும் எதையும் முடிவு செய்ய முடியாது. கோழி மக்காச்சோளமோ சாமந்தி இதழோ தின்றால் கரு செம்மஞ்சளாகும், அரிசிக் குருணை தின்றால் வெளிறும். இத்தாலியில் பாஸ்தாவுக்கென்றே நிறம் கூடிய கரு உள்ள முட்டைகளைத் தனியே விற்கிறார்கள். கண்ணுக்கு அழகு, கடிக்கு அதனால் வித்தியாசமில்லை.

வீட்டில் முதல் தடவை செய்கிறவர்களுக்கு நான் இரண்டு ஊருக்கும் நடுவே உள்ள கணக்கைச் சொல்வேன்: 300 கிராம் மைதா, இரண்டு முழு முட்டை, நான்கு மஞ்சள்கரு. இது சுமார் 110 கிராம் தண்ணீரைக் கொடுக்கிறது. நூறு கிராம் மாவுக்கு 37, போலோன்யாக் கணக்கிலேயே நிற்கிறது. கொழுப்பு அதைப்போல் இரண்டு மடங்கு. தேய்க்கும்போது கிழியாத அளவுக்கு இழுவை இருக்கும். கடிக்கும்போது ரப்பராகாத அளவுக்கு மென்மையும் இருக்கும். ஐந்து மில்லிமீட்டர் அகலத்தில் வெட்டினால் வெண்ணெயும் மிளகும் போதும், தக்காளிக் குழம்பும் ஒத்துப்போகும். ஒரு எச்சரிக்கை: நம் கடை முட்டைகள் பலவும் இத்தாலிய முட்டையைவிடச் சிறியவை. எண்ணிக்கையை நம்பாமல், உடைத்த முட்டையும் கருக்களும் சேர்ந்து 165 முதல் 170 கிராம் வருகிறதா என்று எடை போட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டும். குறைந்தால் மாவைக் குறைக்கலாம். தண்ணீரால் நிரப்பினால் எடை சரியாகும், பதம் சரியாகாது.

மிச்சமாகும் வெள்ளைக்கருவை என்ன செய்வது என்ற கேள்வி எல்லா ஊரிலும் எழுகிறது. ஆல்பா, ஆஸ்தி வட்டாரத்தில் தேனும் அந்த மண்ணின் ஹேசல்நட்டும் சேர்த்துத் தொர்ரோனே என்னும் மிட்டாய் செய்கிறார்கள். அது இறுகி நிற்பதற்கு அடித்த வெள்ளைக்கரு வேண்டும். நமக்கு அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. தூத்துக்குடி மக்ரூனுக்கு வெள்ளைக்கருவும் சர்க்கரையும் முந்திரியும்தான் தேவை. மேலே சொன்ன கணக்கில் நான்கு வெள்ளைக்கரு மிஞ்சும், ஒரு தட்டு மக்ரூனுக்கு அது தாராளம்.